மானியமும் மாமூலும்: 1929 முதல் 1947 வரை இரண்டு கோயில் சட்டங்களின் கதை

சிவில் வழக்குகளில் காலம் தள்ளும் எங்களைப் போன்றவர்களுக்குப் பழைய பத்திரங்களைப் படிப்பதே பாதி வேலை. சில ஆண்டுகளுக்கு முன் கும்பகோணம் பக்கத்து நிலம் ஒன்றுக்கு வில்லங்கம் பார்க்க மூலப்பத்திரத்தைப் புரட்டியபோது, செக்குபந்தியில் ‘தாசி மானியத்துக்கு மேற்கு’ என்று எழுதியிருந்தது. மற்ற மூன்று எல்லைகளும் வாய்க்கால், பாதை, இன்னார் பட்டா என்று வழக்கம்போல இருந்தன. அந்த நான்காவது எல்லையின் இரண்டு சொற்கள் மட்டும் என்னை விடவில்லை. தாசி என்ற சொல்லைக் கதைகளிலும் திட்டுகளிலும் கேட்டிருந்தேன். அது ஒரு நிலத்தின் பெயராக, வரப்பும் வாய்க்காலும் உள்ள ஒரு சொத்தாக இருந்ததை அன்றுதான் நேரில் கண்டேன்.

அதன் பிறகு நான் தேடிப் படித்ததில் எனக்குத் தெளிவான ஒன்றை இங்கே எழுத விரும்புகிறேன். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதை எதிர்த்த இயக்கத்தையும், ஒதுக்கப்பட்ட சாதியினரின் ஆலயப் பிரவேசத்துக்கான இயக்கத்தையும் நாம் தனித்தனியாகவே பேசுகிறோம். முன்னதைப் பெண்கள் வரலாற்றிலும் பின்னதைச் சாதி ஒழிப்பு வரலாற்றிலும் வைத்துவிடுகிறோம். ஆனால் சென்னை மாகாணத்தில் இரண்டும் முட்டிய சுவர் ஒன்றே. கோயிலின் வழக்கம், அதாவது மாமூல், அன்றைய நீதிமன்றங்களில் சட்டத்தின் வலிமையோடு இருந்தது. அந்த வழக்கத்தை மீற ஊழியம் செய்பவருக்கும் உரிமை இல்லை, தர்மகர்த்தாவுக்கும் உரிமை இல்லை.

முதலில் மானியத்தைப் பார்ப்போம். சிறுமியாக இருக்கும்போதே பொட்டுக்கட்டப்பட்ட ஒரு பெண்ணுக்குக் கோயிலில் முறை உண்டு. தன் முறை வரும் நாட்களில் கும்ப ஆரத்தி எடுப்பது, சுவாமி புறப்பாட்டில் ஆடுவது, பாடுவது போன்றவை அவளுடைய ஊழியம். அதற்கு ஈடாகச் சில கோயில்களில் நெல்லும் பிரசாதமும் படியாகக் கிடைத்தன. வசதியுள்ள கோயில்களில் நிலம் மானியமாக விடப்பட்டிருந்தது. சில இடங்களில் நிலமே அவளுடையதாக இருந்தது. வேறு இடங்களில் பயிரிடுபவரின் குடிவாரம் ஒருவரிடம் இருக்க, அரசுக்குச் சேர வேண்டிய மேல்வாரம் மட்டும் அவளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. எந்த வகையானாலும் நிபந்தனை ஒன்றுதான்: ஊழியம் நடக்கும்வரை மானியம்.

இந்த ஒரு வரி ஒரு வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதை ஓர் உதாரணத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டு ஏக்கர் ஊழிய மானியம் உள்ள ஒரு வீடு. பாட்டி கோயிலில் ஆடினாள், தாய் ஆடினாள். தாய்க்கு வயதாகிவிட்டது, வீட்டில் எட்டு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். அவளைப் பள்ளிக்கு அனுப்பிப் பின்னர் மணம் செய்து கொடுக்கலாம் என்று தாய் நினைத்தால், அடுத்த முறைக்கு வீட்டில் ஆள் இல்லை. ஆள் இல்லையென்றால் ஊழியம் தவறியது என்று பொருள்; ஊழியம் தவறினால் மானியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் காரணம் கிடைத்துவிடும். பெண் குழந்தையே இல்லாத வீடு என்றால் ஒரு சிறுமியைத் தத்து எடுத்தாக வேண்டும். இந்த வீடுகளில் பெண்கள் தத்து எடுப்பதையும் மகள்வழியாகச் சொத்து இறங்குவதையும் நீதிமன்றங்களே வழக்கம் என்று ஏற்றிருந்தன. ஆகவே அந்தச் சிறுமியின் கழுத்தில் பொட்டு ஏறுவதற்குப் பக்தி ஒரு காரணம், குலவழக்கம் ஒரு காரணம். அவ்விரண்டையும் விட அசையாத காரணமாகப் பத்திரத்தில் எழுதப்பட்ட அந்த இரண்டு ஏக்கர் கிடந்தது.

முத்துலட்சுமி ரெட்டி இதை வெளியிலிருந்து கண்டுபிடிக்கவில்லை. அவர் 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தார். அவருடைய தாய் சந்திரம்மாள் தேவதாசிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி, 1926-இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு அதன் துணைத் தலைவரும் ஆனார். 1927-இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்த அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். குற்றவியல் சட்டத்தில் இதற்கு ஏற்கெனவே பிரிவுகள் உண்டே என்பது அப்போது பலர் சொன்ன பதில். உண்மைதான், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373 ஆம் பிரிவுகள் விபசாரத்துக்காகச் சிறுமியை ஒப்படைப்பதையும் பெறுவதையும் குற்றமாக்கியிருந்தன. ஆனால் அந்தப் பிரிவுகளின்கீழ் தண்டனை வாங்க நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். கோயிலுக்குள், மந்திரத்தோடு, உறவினர் முன்னிலையில் நடக்கும் ஒரு சடங்கின் நோக்கம் விபசாரம் என்று யார் வந்து சாட்சி சொல்வார்? சடங்கைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்று அந்தக் குடும்பத்தார், இல்லையேல் அந்தக் கோயிலார். வழக்கு நடத்திப் பழகியவர்களுக்கு இதன் கனம் உடனே புரியும்.

அதனால் அவர் சடங்கை விட்டுவிட்டு முதலில் நிலத்தைப் பிடித்தார். இந்த முடிவைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். நீதிக்கட்சி ஆட்சிக்காலத்தில் இயற்றப்பட்ட இந்து அறநிலையச் சட்டம் அப்போது புதிது. அதில் 44-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்க்கும் திருத்தத்தை அவர் கொண்டுவந்தார். அது 1929-இல் ஐந்தாவது சட்டமாக நிறைவேறியது. தேவதாசிகள் ஊழிய நிபந்தனையோடு அனுபவித்துவந்த நிலங்கள் ஒரு கட்டுவரி நிர்ணயத்தோடு அந்த நிபந்தனையிலிருந்து விடுவிக்கப்பட்டன. மேல்வாரம் மட்டும் பெற்றுவந்தவர்களும் நிபந்தனையிலிருந்து விடுபட்டனர். நான் சொன்ன உதாரண வீட்டுக்குத் திரும்புவோம். இப்போது அந்தத் தாய் மகளைக் கோயிலுக்கு அனுப்பாமல் இருந்தாலும் இரண்டு ஏக்கர் போகாது. கட்டுவரியைச் செலுத்திவிட்டு நிலத்தை வைத்துக்கொள்ளலாம். பொட்டுக்கும் பட்டாவுக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்தது.

‘1929-இல் தேவதாசி முறை ஒழிக்கப்பட்டது’ என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அது தவறு. 1929 சட்டம் பொட்டுக்கட்டுவதைத் தடை செய்யவில்லை. கட்டாமல் இருப்பவர்களின் சொத்தைக் காப்பாற்றியது, அவ்வளவுதான். நிலம் இல்லாமல் நெல்லும் பிரசாதமும் மட்டும் பெற்ற வீடுகளுக்கு அந்தச் சட்டத்தால் கைக்கு வந்தது எதுவுமில்லை. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவை முத்துலட்சுமி அடுத்துக் கொண்டுவந்தார். ஆனால் 1930-இல் காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அவர் சட்டமன்றப் பதவியை விட்டு விலகினார். அந்த மசோதா சட்டமாகவில்லை. பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் வர 1947 ஆகிவிட்டது. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் எத்தனை சிறுமிகளுக்குப் பொட்டு ஏறியிருக்கும் என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

இந்தப் பேச்சில் தேவதாசிகளின் குரலைக் கேட்காமல் கடந்துவிடக் கூடாது. அவர்களுள் ஒரு சாரார் திரண்டு மசோதாவை எதிர்த்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் முக்கியமானவர். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பத் தன் செல்வத்தைச் செலவிட்ட இசைக்கலைஞர். தங்களை விபசாரிகளோடு ஒன்றாக வைத்துப் பேசுவது அவமானம் என்பதும், கோயிலோடும் கலையோடும் உள்ள உரிமையைத் தங்களைக் கேட்காமல் பறிக்கலாகாது என்பதும் அவர்களுடைய வாதம். மறுபக்கத்தில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் நின்றார். அவரும் அதே வாழ்க்கைக்காக வளர்க்கப்பட்டவர்தான். அதிலிருந்து வெளியேறி மணம் செய்துகொண்டு, பின்னர் சுயமரியாதை இயக்கத்தில் நின்று இந்த வழக்கத்துக்கு எதிராக ஊர் ஊராகப் பேசினார். 1936-இல் அதைப் பற்றி ஒரு நாவலே எழுதினார். நாகரத்தினம்மாளின் கோபம் நியாயமானது என்று நான் நினைக்கிறேன். ஆனால் தனக்கென ஒரு பெயரும் செல்வமும் சம்பாதித்துக்கொண்ட கலைஞரின் நிலையை எட்டு வயதுச் சிறுமியின் நிலைக்கு அளவுகோலாக வைக்க முடியாது. அந்தச் சிறுமியின் இடத்தில் நின்று பேசியவர்கள் ராமாமிர்தமும் முத்துலட்சுமியும்தான்.

நிலம் விடுபட்டதில் ஒரு வருத்தமும் உண்டு. ஊழியத்தோடு கட்டப்பட்டிருந்தவரை அந்த நிலம் பெண்வழியில் இறங்கியது. ஊழியமும் மகள்வழி மரபும் நீங்கிய பிறகு, அதுவும் மற்றச் சொத்துகளைப் போல ஆகி, அதில் சகோதரர்களும் மகன்களும் பங்கு கேட்கும் காலம் வந்தது. நான் வில்லங்கம் பார்த்த நிலத்தின் எல்லையில் இருந்த தாசி மானியம் இப்போது நான்கு பட்டாக்களாகப் பிரிந்து கிடக்கிறது. மூன்று ஆண்கள் பெயரில், ஒன்று ஒரு மூதாட்டியின் பெயரில். புதிய பத்திரம் தயாரானபோது, எல்லைக்கு உரியவர் என்ற முறையில் அந்த அம்மாவிடம் பேச நேர்ந்தது. ‘தம்பி, அந்த வார்த்தையை எடுத்துட்டு சர்வே நம்பரைப் போட்டுடுங்க’ என்றார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சர்வே எண்ணையே போட்டோம்.

இனி கோயில் வாசலுக்கு வருவோம். அங்கே நடந்ததைப் புரிந்துகொள்ள 1897-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு மே மாதம் கமுதியில் நாடார்கள் சிலர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்து தாங்களே வழிபட்டார்கள். கோயில், சேதுபதிகளின் பரம்பரை தர்மகர்த்தாப் பொறுப்பில் இருந்தது. பாஸ்கர சேதுபதி சார்பில் வழக்குப் போடப்பட்டது. கோயில் தீட்டுப்பட்டுவிட்டது, சுத்தி செய்ய 2,500 ரூபாய் வேண்டும் என்பது கோரிக்கை. 1899-இல் மதுரை சார்பு நீதிமன்றம் நாடார்களுக்கு அந்தக் கோயிலுக்குள் செல்லும் வழக்கம் இல்லை என்று தீர்ப்பளித்துச் சுத்திக்காக 500 ரூபாய் செலுத்தச் சொன்னது. தீட்டுக்கு நீதிமன்றம் ரூபாயில் விலை வைத்த தீர்ப்பு அது. படிக்கும்போது இன்றும் உடம்பு கூசுகிறது.

ஆனால் அந்த வழக்கில் பலரும் கவனிக்காத ஒரு திருப்பம் உண்டு, அதுதான் பிற்கால வரலாற்றைத் தீர்மானித்தது. மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோது சேதுபதி மனம் மாறி நாடார்களோடு சமாதானத்துக்கு உடன்பட்டார். வழக்குப் போட்டவரே உள்ளே வரலாம் என்று சொல்லிவிட்டால் வழக்கு முடிந்திருக்க வேண்டும் அல்லவா? முடியவில்லை. கோயில் தர்மகர்த்தாவின் சொத்தன்று, வழக்கத்தைக் காப்பது அவர் கடமை, அதை விட்டுக்கொடுக்கும் சமாதானம் நம்பிக்கைத் துரோகம் என்று கருதப்பட்டது. வேறு சிலர் வாதிகளாகச் சேர்ந்து வழக்கை நடத்தினார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்ற நாடார்கள் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள்; 1908-இல் அங்கும் தோற்றார்கள்.

இந்தத் தீர்ப்பின் விளைவை நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஒரு கோயிலின் தர்மகர்த்தாக்கள் அனைவரும் ஒதுக்கப்பட்டவர்களை உள்ளே விடத் தயாராக இருக்கட்டும். வழிபட வருபவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் சம்மதிக்கட்டும். மீதியுள்ள ஒரே ஒருவர் நீதிமன்றத்துக்குப் போய் ‘இது வழக்கத்துக்கு விரோதம்’ என்று சொன்னால் போதும். தடையாணை கிடைக்கும், தர்மகர்த்தாவின் பதவியும் ஆட்டம் காணும். ஊர்வலமும் சத்தியாகிரகமும் மனங்களை மாற்றலாம். மாறாத அந்த ஒரு மனத்தின் கையில் இருந்த வழக்குப் போடும் உரிமையை அவற்றால் எடுக்க முடியாது. அதனால்தான் 1930-களில் ஆலயப் பிரவேச இயக்கம் மசோதாக்களின் பின்னால் அலைந்தது. டாக்டர் சுப்பராயன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவர விரும்பிய மசோதாவுக்கு 1933-இல் வைஸ்ராய் அனுமதி மறுத்தார். 1938-இல் ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா மாகாணம் முழுவதற்குமாகக் கொண்டுவந்த மசோதாவை ராஜாஜி அரசு ஏற்கவில்லை. மலபாருக்கு மட்டும் ஒரு சட்டம் செய்தது. ராஜாவின் ஏமாற்றத்தில் முழு நியாயம் இருந்தது. திருவிதாங்கூரில் 1936-லேயே மன்னரின் ஒரே பிரகடனம் அரசுக் கோயில்களைத் திறந்துவிட்டிருந்தது; இங்கே வாக்குப் பெற்று வந்த அரசு மாவட்டம் மாவட்டமாகத் தயங்கியது.

1939 ஜூலை 8-ஆம் நாள் காலை மதுரையில் நடந்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். தமிழ்நாடு ஹரிஜன சேவக சங்கத்தின் தலைவரும் வழக்கறிஞருமான அ. வைத்தியநாத ஐயரும் எல்.என். கோபாலசாமியும் ஆறு பேரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார்கள். பிற்காலத்தில் அமைச்சரான கக்கன், முத்து, சுவாமி முருகானந்தம், சின்னையா, பூவலிங்கம் ஆகிய ஐந்து தாழ்த்தப்பட்ட சமூகத்தினரும், சண்முக நாடாரும் அந்த ஆறு பேர். கோயிலின் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அவர்களைத் தடுக்கவில்லை, வரவேற்றார். கமுதியில் நாடார்கள் தோற்ற அதே பெயருள்ள அம்மன், 42 ஆண்டுகள் கழித்து ஒரு நாடாருக்கும் ஐந்து தாழ்த்தப்பட்டவர்களுக்கும் காட்சி தந்த இடம் அது. வைத்தியநாத ஐயர் வழக்கறிஞர் என்பதால், தான் செய்வது நீதிமன்றத்தின் கண்ணில் என்ன என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். சட்டம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. சட்டம் வந்தே ஆக வேண்டிய நிலையை அன்று காலை உண்டாக்கினார்.

அது அப்படியே நடந்தது. பட்டர்களில் பலர் கோயிலைப் பூட்டிவிட்டுப் பூசைக்கு வர மறுத்தார்கள். வருணாசிரமத்தை ஆதரித்தவர்களின் தலைவரான நடேச ஐயர் தரப்பு, கோயிலைச் சுத்தி செய்ய வேண்டும் என்று வழக்குக்குக் கிளம்பியது. பிரவேசத்துக்கு உதவிய அதிகாரிகளும் தலைவர்களும் கமுதித் தீர்ப்பின்படி தனித்தனியாகப் பொறுப்பாளிகள் ஆகக்கூடிய நிலை. ராஜாஜி அரசு அந்த ஜூலையிலேயே அவசரச் சட்டம் பிறப்பிக்கச் செய்தது. சில வாரங்களில் அது ஆலயப் பிரவேச அனுமதி மற்றும் பாதுகாப்புச் சட்டமாகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதன் பெயரிலுள்ள ‘பாதுகாப்பு’ என்ற சொல்தான் அதன் உயிர். ஏற்கெனவே நடந்த பிரவேசத்துக்காக யார் மீதும் வழக்குத் தொடர முடியாது. இனிமேல் தர்மகர்த்தாக்கள், வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என்று கருதினால், அரசின் ஒப்புதலோடு கோயிலைத் திறக்கலாம். ‘பொதுவாக’ என்ற அந்த அளவுகோலில், 1908 முதல் ஒற்றை மனிதர் கையிலிருந்த தடுப்பதிகாரம் போயிற்று.

அந்தச் சட்டத்திலும் குறை இருந்தது. அது உரிமை தரவில்லை, அனுமதி தந்தது. முடிவு தர்மகர்த்தாவின் கையிலேயே இருந்தது. எந்தத் தர்மகர்த்தா திறக்க விரும்பவில்லையோ அவருடைய கோயில் பூட்டியபடியே இருக்கலாம். சில மாதங்களில் காங்கிரஸ் அமைச்சரவையும் பதவி விலகிவிட்டது. மதுரையில் பிடிவாதம் பிடித்த பட்டர்கள் நடேச ஐயர் வீட்டிலேயே மீனாட்சிக்குத் தனியாக வழிபாடு நடத்தி, 1945-இல்தான் கோயிலுக்குத் திரும்பினார்கள். அதே கோயில் ஒதுக்கப்பட்டவர்களுக்குத் திறக்கும்வரை உள்ளே வருவதில்லை என்றிருந்த காந்தி 1946-இல் வந்து தரிசித்தார்.

இரண்டு இழைகளும் 1947-இல் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. அந்த ஆண்டின் ஐந்தாவது சட்டம், ஆலயப் பிரவேசத்தை எல்லா இந்துக்களுக்கும் உரிமையாக்கியது. வழக்கமோ தீர்ப்போ அதற்குக் குறுக்கே நிற்க முடியாது என்று எழுதியது. அதே ஆண்டின் முப்பத்தொன்றாவது சட்டம், பொட்டுக்கட்டுவதைச் சட்டவிரோதமாக்கியது. நடத்தியவருக்கும் உடந்தையானவருக்கும் ஆறு மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கமுதியில் தீட்டைக் கழுவ விதிக்கப்பட்ட அதே 500. பொட்டுக்கட்டப்பட்ட பெண் செய்துகொள்ளும் திருமணம் செல்லும் என்றும், மேளத்தில் ஆடிப் பாடியதாலேயே ஒரு பெண் திருமணத்துக்குத் தகுதியற்றவள் ஆகிறாள் என்ற சாதி வழக்கம் செல்லாது என்றும் அந்தச் சட்டம் சொன்னது. ஊழியத்தை விட்டவளின் நிலத்தை 1929 காத்ததென்றால், அவளுடைய திருமணத்தை 1947 காத்தது.

அந்தச் சட்டத்தில் இன்னொரு வரியும் உண்டு. கோயில் வளாகத்திலும் சுவாமி புறப்பாட்டிலும் பெண்கள் ஆடுவது, கும்ப ஆரத்தியோடு ஆனாலும் இல்லாமலானாலும், சட்டவிரோதம் என்று அது எழுதியது. பொட்டுக்கட்டை நிறுத்த அந்தத் தடை தேவைதான் என்று அன்று நினைத்தவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆடும் முறை நீடித்தால் பொட்டும் ஏதோ ஒரு பெயரில் நீடிக்கும் என்ற அச்சம் அனுபவத்தில் வந்தது. ஆயினும் அந்த ஒரு வரியால், நூற்றாண்டுகளாகச் சந்நிதிக்கு முன்னே நின்று ஆரத்தி எடுத்த வீட்டுப் பெண்கள், எல்லோருக்கும் வாசல் திறந்த அதே ஆண்டில், எல்லோரோடும் வரிசையில் நிற்கும் பக்தர்களாக உள்ளே வந்தார்கள்.